ஆட்டுக்கறி வேகலையா, காய்ஞ்சு போச்சா? எந்தத் துண்டு எந்தச் சட்டிக்கு என்று குறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

கறி சரியாக வரவில்லை என்றால் முதலில் மசாலாவைச் சந்தேகிக்கிறோம், அடுத்து குக்கரை. பிழை பெரும்பாலும் அதற்கு முன்பே, கறிக்கடைக் கட்டையில் நடந்திருக்கும். "ஒரு கிலோ கலந்து போடுங்க" என்று வாங்கிய பையில் தொடை, முன்சப்பை, விலா, கழுத்து, நெஞ்செலும்பு எல்லாம் கிடக்கும். இவை ஒரே ஆட்டின் கறிதான், ஆனால் ஒரே நேரத்தில் வேகிறவை அல்ல.

காரணம் ஜவ்வு. ஆடு நடக்கவும், மேயக் குனியவும், தலையைத் தூக்கவும் அதிகம் உழைக்கிற இடங்களான கழுத்து, முன்னங்கால், கணுக்கால் பக்கம் தசைகளுக்கு இடையே ஜவ்வு நிறைய ஓடும். முதுகெலும்பை ஒட்டிய சதைக்கு உழைப்பு குறைவு, ஜவ்வும் குறைவு. பின்னந்தொடை பெரிய, சுத்தமான சதை. அதில் ஜவ்வு நடுத்தரம், கொழுப்பு மிகக் குறைவு.

சூட்டில் இரண்டு காரியம் நடக்கிறது. தசைநார் சுருங்கித் தன் தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றும். இது சீக்கிரமே தொடங்கிவிடும். ஜவ்வோ 70 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் உருப்படியாகக் கரையத் தொடங்கி, மெதுவாகப் பிசினாகும். ஆகவே ஜவ்வுள்ள துண்டு முதலில் ரப்பராக இருந்து, நேரம் போகப் போக மெழுகாகும். ஜவ்வில்லாத துண்டு முதலில் மிருதுவாக இருந்து, நேரம் போகப் போக நாராகும். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைக் கவனிக்காததால் வருகிறவை.

குறி 1: ஒரே குக்கரில் சில துண்டு பஞ்சாக இருக்கிறது, சில துண்டு ரப்பராக இருக்கிறது

கலந்த கறியின் பிழை இது. ரப்பராக இருக்கும் துண்டை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெள்ளையாக, கண்ணாடி போல ஒரு படலம் சதைக்குள் ஓடினால் அது கழுத்தோ, முன்னங்காலோ, தொடையின் கீழ்ப் பகுதியோ. இன்னும் வேக வேண்டியது அது. பஞ்சாகி உதிர்வது தொடையின் மேல் சதையாகவோ முதுகுச் சதையாகவோ இருக்கும். அது வெந்து பத்து நிமிடம் தாண்டிவிட்டது.

இப்போதைக்குச் சரிசெய்ய, வெந்த துண்டுகளைக் கரண்டியால் எடுத்துத் தட்டில் மூடி வையுங்கள். மீதியை அதே சாற்றில் மறுபடி குக்கரில் வைத்து, விசில் வந்தபின் சின்னத் தீயில் 8 முதல் 10 நிமிடம் விட்டு, கடைசியில் இரண்டையும் சேர்த்து ஒரு கொதி விடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து "இன்னும் நாலு விசில்" விட்டால் நல்ல துண்டுகளும் போய்விடும்.

அடுத்த முறை வராமல் இருக்க, வீட்டிலேயே பிரித்துவிடுவது நல்லது. ஒரு கிலோ கலந்த கறியை வைத்துச் செய்து காட்டுகிறோம்.

பையைப் பெரிய தட்டில் கொட்டி மூன்று குவியலாக ஒதுக்குங்கள். முதல் குவியலில் கழுத்து முள் எலும்புத் துண்டுகள், நல்லி எலும்பு, முன்னங்காலின் கீழ்ப் பகுதி. ஜவ்வு கையில் வழுக்கும், எலும்போடு சதை இறுகப் பிடித்திருக்கும். இரண்டாவதில் விலா, நெஞ்செலும்பு, சப்பை எலும்பு ஒட்டிய தோள் கறி. மூன்றாவதில் எலும்பில்லாத சதை, பெரும்பாலும் தொடை. சாதாரணமாகப் போட்டுத் தரும் கிலோவில் இந்த மூன்றாவது குவியல் 350 முதல் 400 கிராம் தேறும்.

மூன்றாவது குவியலை அப்படியே எடுத்து வையுங்கள். அது சுக்காவுக்கு. மற்ற இரண்டும் குழம்புக்கு. குக்கரில் முதல் குவியலை மட்டும் மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுது, ஒரு தேக்கரண்டி உப்பு, இரண்டு டம்ளர் தண்ணீரோடு வைத்து, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 10 நிமிடம் விடுங்கள். ஆவி இறங்கியதும் திறந்து இரண்டாவது குவியலைச் சேர்த்து, மறுபடி விசில் வந்தபின் 12 முதல் 15 நிமிடம். இளம் ஆடாக இருந்தால் இரண்டும் ஒன்றாக வந்து நிற்கும். ஒரு முறை குக்கரைத் திறந்து மூடுவது தொல்லைதான். ஆனால் ஒரு கிலோ கறி விற்கிற விலைக்கு அந்தத் தொல்லையைப் படலாம்.

இங்கே விசிலை எண்ணாமல் நிமிடத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரிய தீயில் ஐந்து விசில் ஐந்தே நிமிடத்தில் வரும். சின்னத் தீயில் அதே ஐந்து விசிலுக்கு இருபது நிமிடம் ஆகும். ஜவ்வு கரைவதற்கு வேண்டியது நேரம், சத்தம் இல்லை.

குறி 2: எந்தத் துண்டைக் கடித்தாலும் ரப்பர்; அரை மணி நேரம் வைத்தும் அசையவில்லை

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றையும் பிரித்துக் கண்டுபிடிக்க முடியும்.

முதலாவது, முற்றிய ஆடு. எலும்பைப் பாருங்கள். இளம் ஆட்டின் விலா எலும்பு மெல்லியதாக, வெட்டிய இடத்தில் சிவப்பாக ஈரமாக இருக்கும். நெஞ்செலும்பு குருத்தாக, பல்லுக்கு நறுக்கென்று கடிபடும். முற்றிய ஆட்டின் விலா அகலமாக, தட்டையாக, வெட்டிய இடம் வெளுத்து உலர்ந்திருக்கும். நெஞ்சுக் குருத்தும் எலும்பாக இறுகியிருக்கும். சதை கருஞ்சிவப்பாக இருக்கும். இதற்குப் பரிகாரம் நேரம் மட்டும்தான். இளம் ஆட்டுக்கு 15 நிமிடம் என்றால் இதற்கு 30, கழுத்துக்கு 40கூட ஆகலாம். தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கறியில் குழம்பு ருசியாக வரும், சுக்கா வராது. வாங்கிவிட்டால் சுக்கா ஆசையை விட்டுவிட்டு முழுதையும் குழம்பாக்குவதே புத்திசாலித்தனம்.

இரண்டாவது, மிகவும் புதிய கறி. இதை நம்ப மறுப்பவர்கள் அதிகம். அறுத்த சில மணி நேரத்தில் தசைகள் விறைத்துக்கொள்ளும். அந்த விறைப்பு பிடிக்கிற நேரத்தில் அடுப்பில் ஏற்றினால் தசை சுருங்கிய நிலையிலேயே இறுகிவிடும். காலை ஐந்து மணிக்கு அறுத்து, ஏழுக்கு வாங்கி, ஒன்பதுக்கு வைக்கிற ஞாயிற்றுக்கிழமைக் கறி பல நேரம் இந்த வலையில்தான் விழுகிறது. குழம்புக்கு நீண்ட வேகல் அந்தக் குறையைப் பெருமளவு மறைத்துவிடும். சாப்ஸ், சுக்கா, முழுத்தொடைக்கு மறைக்காது. சனிக்கிழமையே வாங்கி, கழுவாமல், மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்தால் விறைப்பு தளர்ந்து, கறி தொடும்போதே மெத்தென்று இருக்கும். கழுவி வைத்தால் ஈரத்தில் வாடை பிடிக்கும். சமைக்கும் முன் கழுவினால் போதும்.

மூன்றாவது, சூடு ஆறாத கறியை அப்படியே ஃப்ரீசரில் தள்ளியது. விறைப்பு முடிவதற்கு முன்பே உறைந்த கறி, பிறகு உருகும்போது கடுமையாகச் சுருங்கும். தட்டில் ஏராளமாகச் சிவப்புத் தண்ணீர் விடும். உருகிய கறியைச் சுற்றி இப்படிக் குளம் தேங்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஃப்ரீசருக்கு அனுப்புவதாக இருந்தால் ஒரு நாள் கீழே வைத்துவிட்டு அனுப்புங்கள். உருக்கும்போதும் கீழ்த்தட்டில் இரவு முழுக்க வைத்தே உருக்குங்கள்.

பப்பாளிக்காய் பற்றி ஒரு வார்த்தை. அதில் உள்ள நொதி சதையை உடைக்கும் என்பது உண்மை. ஆனால் நல்ல கொதியில் அது செயலிழந்துவிடும் என்பதால் குக்கர் குழம்பில் பப்பாளிக்குப் பெரிய வேலை இல்லை. சுக்கா, சாப்ஸ், முழுத்தொடைக்கு உதவும். ஒரு கிலோவுக்குத் தோலோடு அரைத்த காய் ஒரு மேசைக்கரண்டி, ஒரு மணி நேரம். அதைத் தாண்டினால் துண்டின் மேற்புறம் மட்டும் கூழாகி, உள்ளே பழையபடி கடினமாகவே இருக்கும்.

குறி 3: கறி வெந்துவிட்டது, குழம்பு மட்டும் தண்ணீராக, கறி ருசியே இல்லாமல் இருக்கிறது

எலும்பில்லாத தொடைக்கறியை வாங்கிக் குழம்பு வைத்தால் வருகிற கோளாறு இது. வீட்டில் குழந்தைகள் எலும்பு சாப்பிட மாட்டார்கள் என்று தனிக்கறியாக வாங்கி, குழம்பு ஓடுகிறதே என்று தேங்காயையும் பொட்டுக்கடலையையும் அரைத்து ஊற்றுவதைப் பார்க்கிறோம். கெட்டி வரும், ருசி வராது. குழம்புக்கு உடம்பு கொடுப்பது ஜவ்வும் எலும்பும் விடுகிற பிசின். விரல் நுனியில் குழம்பைத் தொட்டு இரு விரலையும் ஒட்டிப் பாருங்கள். நல்ல கறிக்குழம்பில் விரல் லேசாகப் பிசுக்கென்று ஒட்டும். ஒட்டவில்லை என்றால் பிசின் இறங்கவில்லை.

குழம்புக்குக் கேட்க வேண்டியது கழுத்து, நெஞ்செலும்பு, விலா, முன்சப்பை. அரைக்கிலோவுக்கு ஒரு நல்லி எலும்பு. "அண்ணே, குழம்புக்கு முக்கால் கிலோ. முன்சப்பையும் நெஞ்சும் போடுங்க, ஒரு நல்லி சேர்த்துக்குங்க. தொடை வேண்டாம்" என்று சொன்னால் கடைக்காரருக்கு விஷயம் தெரிந்தவர் என்று புரிந்துவிடும். அவருக்கும் தொடையைத் தனியாக விற்கத்தான் ஆசை. கலந்து கேட்காத ஆளுக்கு மனசோடு பார்த்துப் போடுவார்.

ஏற்கெனவே தனிக்கறி வாங்கியாயிற்று என்றால், கால் கிலோ நெஞ்செலும்பையோ நாலு ஆட்டுக்காலையோ தனியாக வாங்கி முக்கால் மணி நேரம் வேகவைத்து, அந்தச் சாற்றில் குழம்பை வையுங்கள். கறியைக் கடைசிப் பதினைந்து நிமிடத்துக்குச் சேர்த்தால் போதும். எலும்பை எடுத்துவிட்டுப் பரிமாறினால் குழந்தைகளும் சாப்பிடுவார்கள்.

இதற்கு எதிர்க் கோளாறும் உண்டு. முழுக்க விலாவும் அடிவயிற்றுச் சதையுமாகப் போட்டுக்கொடுத்தால் குழம்பின் மேல் விரற்கடை உயரத்துக்கு எண்ணெய் மிதக்கும், ஆறியதும் வெள்ளையாகப் படியும், சாப்பிடும்போது அண்ணத்தில் மெழுகு போல ஒட்டும். ஆட்டுக்கொழுப்பு சீக்கிரம் உறைவது அதன் இயல்பு. கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல. மேலே மிதப்பதைச் சூடாக இருக்கும்போதே கரண்டியால் வழித்துவிடலாம். அந்தக் கொழுப்பை எறிய வேண்டாம், கொத்துக்கறிக்கு வேலைக்கு ஆகும்.

குறி 4: சுக்கா வறுவல் நார்நாராகக் காய்ந்துபோகிறது, அல்லது வறுபடாமல் தண்ணீரில் வதங்குகிறது

இரண்டும் வேறு வேறு பிழைகள்.

நார்நாராகப் போவது, தொடைக்கறியைக் குழம்புக்கறி போல முழுக்க வேகவைத்துவிட்டு, பிறகு வாணலியில் இன்னும் கால் மணி நேரம் புரட்டுவதால். தொடையில் கொழுப்பு குறைவு. குக்கரில் பிழிந்த தண்ணீர் சாற்றில் நிற்கிறது. அந்தச் சாற்றைக் கீழே ஊற்றிவிட்டு வெறும் சதையை வறுத்தால் துணியை மெல்லுவது போலத்தான் இருக்கும்.

சுக்காவுக்குத் தொடையும் முன்சப்பைச் சதையும் பாதிப் பாதியாக எடுத்தால் நன்றாக வரும். சப்பைச் சதையில் உள்ள ஜவ்வும் கொழுப்பும் மசாலாவைத் துண்டோடு ஒட்டவைக்கும். தொடை மட்டும்தான் கிடைத்தது என்றால், அரை கிலோவுக்கு 30 கிராம் கொழுப்பைப் பொடியாக நறுக்கிச் சேர்க்கச் சொல்லுங்கள். துண்டு பெருவிரல் நுனி அளவு இருக்கட்டும். அதற்குச் சிறியதாக நறுக்கினால் எல்லாப் பக்கமும் காயும்.

முறை இது. அரை கிலோ கறிக்கு உப்பு முக்கால் தேக்கரண்டி, மஞ்சள், கால் டம்ளர் தண்ணீர் மட்டும். கறியே தண்ணீர் விடும். குக்கரில் விசில் வந்தபின் சின்னத் தீயில் 10 நிமிடம். திறந்ததும் துண்டு வெந்தும் வேகாமலும், நகம் அழுத்தினால் இறங்கி மீண்டு வருகிற பதத்தில் இருக்க வேண்டும். அகலமான இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய், சோம்பு, கறிவேப்பிலை, ஒரு கை சின்ன வெங்காயம் வதக்கி, கறியைச் சாறோடு கொட்டி, மிளகும் மிளகாய்த்தூளும் போட்டு நடுத்தரத் தீயில் வற்றவிடுங்கள். சாறு பாகாகி, எண்ணெய் பிரிந்து, சட்டியில் கறி ஓசை மாறும். கொதிக்கிற சத்தம் போய் பொரிகிற சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்து மூன்று நிமிடம் புரட்டி இறக்கிவிட வேண்டும். அங்கேதான் பலர் "இன்னும் கொஞ்சம் கருகட்டும்" என்று நிற்கிறார்கள்.

தண்ணீரில் வதங்குவது சட்டியின் குறை. சின்ன வாணலியில் ஒரு கிலோவைக் குவித்தால் ஆவி வெளியேற வழியில்லை. அரை கிலோவுக்கு மேல் ஒரே நேரத்தில் போடாதீர்கள். மூடிபோட்டு வறுக்காதீர்கள்.

குறி 5: சாப்ஸ் தட்டையாக வரவில்லை, சுருண்டு கிண்ணமாகிறது, எலும்போரம் கடிக்க முடியவில்லை

சாப்ஸ் என்று நம் கடைகளில் தருவது முதுகெலும்பின் ஒரு துண்டும், அதோடு வரும் விலா எலும்பும், அவற்றுக்கு நடுவே உள்ள முதுகுச் சதையும். நடுச்சதை ஆட்டிலேயே மிருதுவான இடங்களில் ஒன்று. ஆனால் அதே துண்டின் விலா முனையில் ஜவ்வும் தோல் போன்ற படலமும் இருக்கும். ஒரு துண்டிலேயே இரண்டு குணம். இதுதான் சாப்ஸின் சங்கடம்.

சுருள்வதற்குக் காரணம் வெளிப்பக்கப் படலமும் கொழுப்பும் சதையைவிட வேகமாகச் சுருங்குவது. விலாவின் உள்பக்கம் காகிதம் போல ஒரு தோல் இருக்கும். கத்தி முனையால் ஒரு ஓரத்தைத் தூக்கி, துணியால் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் வரும். வெளிப்பக்கக் கொழுப்பில் விரற்கடைக்கு ஒன்றாக இரண்டு மூன்று கீறல் போடுங்கள். அதற்குப்பின் சுருளாது.

எலும்போரம் கடிபடாமல் இருப்பது, வெளிநாட்டுச் செம்மறிக்குட்டி சாப்ஸைச் சுடுவது போல நம் வெள்ளாட்டைப் பத்து நிமிடத்தில் தவாவில் சுட்டு எடுப்பதால். அங்கே அது கொழுப்பு ஓடிய குட்டிக்கறி. நம்முடையது கொழுப்பு குறைந்த, கொஞ்சம் வயதான ஆடு. நம் சாப்ஸை இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும். தயிர், இஞ்சி பூண்டு, உப்பு தடவி இரண்டு மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் தண்ணீர் ஊற்றாமல் அந்த ஊறிய ஈரத்திலேயே விசில் வந்தபின் சின்னத் தீயில் 8 நிமிடம். அடி பிடிக்கும் என்று தோன்றினால் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர். பிறகு தவாவில் நல்ல சூட்டில் ஒரு பக்கம் இரண்டு நிமிடம் வீதம். குக்கரில் 8-க்குப் பதில் 12 நிமிடம் வைத்தால் நடுச்சதை எலும்பைவிட்டுக் கழன்று, தவாவில் திருப்பும்போது எலும்பு மட்டும் கையில் வரும். அப்படி வந்தால் பதற வேண்டாம், மிளகு மசாலாவில் புரட்டி வறுவலாக்கிவிடுங்கள்.

கடையில் வாங்கும்போது சதைக்கண் தெரிகிறதா என்று பாருங்கள். எலும்பை ஒட்டி உருண்டையாக ஒரு கண் இருந்தால் அது முதுகுப்பக்கச் சாப்ஸ். கண் இல்லாமல் எலும்பும் தட்டைச் சதையும் மட்டும் இருந்தால் அது வெறும் விலா. விலா குழம்புக்கு அருமை, சாப்ஸ் விலை கொடுக்க வேண்டியதில்லை.

குறி 6: கொத்துக்கறி கட்டி கட்டியாகிறது, கோலா உருண்டை எண்ணெயில் பிரிகிறது

கட்டியாவது எளிய பிழை. கொதிக்கிற எண்ணெயில் கொத்துக்கறியைக் கொட்டியதும் வெளிப்புறம் இறுகி, பிறகு கரண்டியால் எவ்வளவு குத்தினாலும் உடையாது. கறியைத் தனியாக ஒரு சட்டியில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீரோடு போட்டு, அடுப்பு மூட்டும் முன்பே கையால் கரைத்துவிட்டு, பிறகு சூடேற்றுங்கள். உதிரி உதிரியாக வரும். வெந்ததும் தாளிப்பில் சேர்க்கலாம்.

கொத்துக்கறி ரவை மாதிரி வறண்டு வாயில் உருண்டால் அது சுத்தத் தொடையில் கொத்தியது. கொத்துக்கறிக்குக் கழுத்தும் முன்சப்பையும்தான் சரி. ஜவ்வு கொத்தும்போது அறுந்துவிடுவதால் நெடுநேரம் வேகவேண்டிய தொல்லை போய்விடுகிறது, ருசி மிஞ்சுகிறது. கொழுப்பு பத்தில் ஒரு பங்கு இருக்கட்டும். தடித்த வெள்ளை நரம்பைக் கடைக்காரர் கொத்துவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் இயந்திரத்தில் விட்டால் நூல் நூலாக நிற்கும். ஏற்கெனவே அரைத்து வைத்திருப்பதை வாங்காமல், துண்டைக் காட்டிக் கொத்தச் சொல்வது நல்லது.

கோலா பிரிவதற்குத் தண்ணீர்தான் எதிரி. கொத்திய கறியைக் கழுவினால் அது பஞ்சு போல நீரைக் குடித்துக்கொள்ளும். எவ்வளவு பிழிந்தாலும் போகாது. கொத்துவதற்கு முன் துண்டாக இருக்கும்போதே கழுவித் துடைத்துக் கொடுங்கள், அல்லது கடையில் கழுவிக் கொத்தச் சொல்லுங்கள். கால் கிலோ கறிக்குப் பொட்டுக்கடலைப் பொடி நாலு மேசைக்கரண்டி, தேங்காய்த் துருவல் இரண்டு, சோம்பு ஒரு தேக்கரண்டி, கசகசா ஒரு தேக்கரண்டி, பச்சை மிளகாய் மூன்று, சின்ன வெங்காயம் பத்து. தேங்காய், சோம்பு, கசகசா, மிளகாயைத் தண்ணீர் விடாமல் அரைக்க வேண்டும். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, வதக்கி ஆறவைத்துச் சேர்க்க வேண்டும். பச்சை வெங்காயம் உள்ளே தண்ணீர் விட்டு உருண்டையை உடைக்கும்.

எல்லாம் சேர்த்து உப்புப் போட்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். கறி கையில் ஒட்டத் தொடங்கினால் பிடிமானம் வந்துவிட்டது. சிறு எலுமிச்சை அளவு உருட்டி, முதலில் ஒன்றை மட்டும் நடுத்தரச் சூட்டு எண்ணெயில் விட்டுப் பாருங்கள். நுரை அதிகமாகப் பொங்கி ஓரம் உதிர்ந்தால் ஈரம் அதிகம், ஒரு கரண்டி பொட்டுக்கடலைப் பொடி சேருங்கள். வெடிப்பு விட்டால் பொடி அதிகம், பாதி முட்டை அடித்துச் சேருங்கள். வெளியே சீக்கிரம் கறுத்து உள்ளே சிவப்பாக இருந்தால் எண்ணெய்ச் சூடு அதிகம். ஓர் உருண்டைக்கு ஐந்து ஆறு நிமிடம் ஆக வேண்டும்.

குறி 7: கவிச்சி வாடை போகவே இல்லை

மூன்று இடங்களைப் பாருங்கள். கிடாயின் வாடை கொழுப்பில் தங்கும். காயடிக்காத முற்றிய கிடா என்றால் கொழுப்பை முழுக்க அரிந்துவிடுவதைத் தவிர வழியில்லை. கழுத்தில் வெட்டு விழுந்த இடத்தில் ரத்தக்கட்டு உறைந்திருக்கும். அதைக் கத்தியால் நீக்காமல் விட்டால் குழம்பு முழுக்க இரும்பு வாடை அடிக்கும். மூன்றாவது, கழுவிய ஈரத்தோடு பாலித்தீன் பையில் சில மணி நேரம் கிடந்தது. கறி மேல் வழுவழுப்பும் புளித்த வாடையும் வந்துவிட்டால் மஞ்சளும் எலுமிச்சையும் காப்பாற்றாது, எறிந்துவிடுங்கள்.

குறி 8: முழுத்தொடையை அவனில் வைத்தால் வெளியே காய்ந்து, எலும்போரம் பச்சையாக இருக்கிறது

பதினொரு பன்னிரண்டு கிலோ தேறும் ஆட்டின் ஒரு பின்னந்தொடை எலும்போடு ஒன்றரை கிலோ அளவு இருக்கும். நம் ஆட்டுத் தொடைமேல் கொழுப்புப் போர்வை இல்லை என்பதே இங்குள்ள பிரச்சினை. 220 டிகிரியில் திறந்து வைத்தால் முக்கால் மணியில் மேற்புறம் வறண்ட கட்டையாகும், நடுவே எலும்பைச் சுற்றிச் சிவப்பு நிற்கும்.

முந்தின நாளே தொடங்க வேண்டும். மேல் படலத்தை உரித்து, எலும்பு வரை இறங்கும்படி எட்டுப் பத்துக் கீறல் போட்டு, இரண்டு தேக்கரண்டி உப்பு, இஞ்சி பூண்டு, ஒரு கிண்ணம் கெட்டித் தயிர், மிளகாய்த்தூள், மிளகு எல்லாவற்றையும் கீறலுக்குள் விரலால் அழுத்தித் தேய்த்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் வெளியே எடுத்து ஒரு மணி நேரம் குளிர் போகட்டும். ஆழமான தட்டில் நறுக்கிய வெங்காயம் பரப்பி, தொடையை வைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, இரண்டு தேக்கரண்டி நெய் தடவி, அலுமினியத் தாளால் காற்றுப் புகாமல் இறுக்கி மூடி 160 டிகிரியில் இரண்டரை மணி நேரம். தாளைப் பிரித்து, சாற்றை எடுத்து மேலே ஊற்றி, 220 டிகிரியில் 15 நிமிடம் நிறம் ஏறவிடுங்கள்.

வெந்ததா என்று மணிக்கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. வெப்பமானி இருந்தால் எலும்பில் படாமல் நடுச்சதையில் குத்திப் பாருங்கள். 90 டிகிரி ஒட்டி வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கணுக்கால் எலும்பைப் பிடித்துத் திருப்புங்கள். மூட்டில் தளர்ந்து அசைய வேண்டும். அசையாமல் இறுகி நின்றால் மறுபடி மூடி அரை மணி நேரம். தட்டில் சாறு வற்றியிருந்தால் வெந்நீர் ஊற்றுங்கள், பச்சைத் தண்ணீர் வேண்டாம்.

ஏற்கெனவே காய்ந்துபோன தொடையை முழுதாகத் தேற்ற முடியாது. நாருக்குக் குறுக்கே கால் அங்குல வில்லைகளாக அரிந்து, தட்டில் இறங்கிய சாற்றையும் வெங்காயத்தையும் சேர்த்து மசித்துச் சூடாக்கி, வில்லைகளை அதில் ஐந்து நிமிடம் கொதிக்காத சூட்டில் போட்டு எடுங்கள். எலும்போரம் பச்சையாக நின்ற பகுதியைத் தனியாக வெட்டி எடுத்துக் குக்கரில் வேகவைக்கலாம். எலும்பை உடைத்து மறுநாள் மிளகு ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.